தங்கத்தின் கேண்டில் வரைபடத்தைப் படிப்பது எப்படி: 2020 முதல் 2024 வரை ஒரு கூரையும் ஒரு தரையும்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. இந்தியாவில் இன்னும் பொழுது விடியாத நேரத்தில், உலகச் சந்தையில் தங்கம் ஓர் அவுன்சுக்கு 2,135 டாலர் என்ற, அதுவரை கண்டிராத உயரத்தைத் தொட்டது. அன்றைய வணிகம் நியூயார்க்கில் முடிந்தபோது விலை 2,030 டாலருக்கு அருகில் இறங்கியிருந்தது. செய்தித் தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு அது புதிய உச்சத்தின் நாள். ஒவ்வொரு நாளின் விலை அசைவையும் மெழுகுவத்தி போன்ற ஒரு வடிவத்தால் காட்டும் கேண்டில் வரைபடத்தைப் பார்த்தவருக்கோ, ஏறியவர்கள் எல்லோரும் இறக்கிவிடப்பட்ட நாள். இரண்டும் உண்மைதான்; ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்கு விலை எப்படி நடந்துகொண்டது என்பதைப் புரிந்துகொள்ள உதவியது இரண்டாவது பார்வையே.

அந்தப் பார்வையை முதன்முறையாகப் பழகுபவருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. கேண்டில்களின் வடிவங்களுக்கு ஏராளமான பெயர்கள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்வது இங்கே நோக்கம் இல்லை. 2020 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை தங்கம் ஒரு கூரைக்கும் ஒரு தரைக்கும் இடையில் அலைந்த காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒரே வரைபடத்தின் மேல் எல்லாப் படிகளையும் செய்து பார்ப்போம். வாசகர் தம் திரையில் அதே வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் பயன் கூடுதலாக இருக்கும்.

படி 1: சரியான வரைபடத்தைத் திறத்தல்

உலகச் சந்தையின் உடனடித் தங்க விலையைக் காட்டும் குறியீடு `XAUUSD`. விலைகளை வரைபடமாகக் காட்டும் இணையதளம் எதிலும் தேடல் பெட்டியில் இதைத் தட்டினால் வரைபடம் வந்துவிடும். இதில் தெரியும் எண், ஒரு டிராய் அவுன்சுக்கு, அதாவது 31.1035 கிராமுக்கு, எத்தனை அமெரிக்க டாலர் என்பதைக் குறிக்கும். நம் ஊர்க் கடையில் எழுதிப் போடும் சவரன் விலைக்கும் இதற்கும் இடையில் ரூபாயின் மாற்று மதிப்பும் இறக்குமதி வரியும் நிற்கின்றன. அதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

அடுத்து, ஒரு கேண்டில் எவ்வளவு காலத்தைக் குறிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் பலரும் ஐந்து நிமிடக் கேண்டிலில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். என் கருத்தில் அதுவே அதைத் தவிர்க்க வேண்டிய காரணமும் ஆகும். விலை திரும்பத் திரும்பத் தயங்கும் நிலைகளைக் கண்டுபிடிக்க வாரக் கேண்டிலையும், அந்த நிலைகளில் விலை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்கத் தினசரிக் கேண்டிலையும் வைத்துக்கொள்வது போதும்.

தினசரிக் கேண்டில் எப்போது முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான விலை வழங்குநர்களிடம் தங்கத்தின் ஒரு நாள் நியூயார்க் நேரம் மாலை 5 மணிக்கு முடிந்து, ஒரு மணி நேர இடைவெளிக்குப் பின் மாலை 6 மணிக்கு அடுத்த நாள் தொடங்கும். இந்திய நேரப்படி இது அமெரிக்கக் கோடைக்காலத்தில் பின்னிரவு 2.30 மணிக்கும், குளிர்காலத்தில் 3.30 மணிக்கும் முடியும். ஆகவே இரவு பத்து மணிக்கு வரைபடத்தைப் பார்ப்பவர் பார்ப்பது இன்னும் முடியாத ஒரு கேண்டிலை. பத்து மணிக்கு ஏற்றத்தைக் காட்டும் பச்சையாக இருந்தது காலையில் இறக்கத்தைக் காட்டும் சிவப்பாக மாறியிருப்பது வியப்புக்குரிய ஒன்றல்ல. முந்தைய நாளின் கேண்டிலைக் காலையில் காப்பி குடிக்கும்போது பார்ப்பதே நமக்குப் பொருத்தமான பழக்கம்.

படி 2: ஒரு கேண்டிலைப் படித்தல்

ஒரு தினசரிக் கேண்டிலில் நான்கு விலைகள் அடங்கியிருக்கின்றன: தொடக்க விலை, முடிவு விலை, அன்றைய உச்சம், அன்றைய தாழ்வு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். உடலுக்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் திரிகள். தொடக்கத்தைவிட முடிவு உயர்ந்திருந்தால் உடல் பச்சை, தாழ்ந்திருந்தால் சிவப்பு.

இப்போது டிசம்பர் 4-க்கு வருவோம். அன்றைய தொடக்கம் ஏறத்தாழ 2,072. உச்சம் 2,135. தாழ்வு ஏறத்தாழ 2,020. முடிவு ஏறத்தாழ 2,030. கணக்கிட்டால், சிவப்பு உடலின் நீளம் 42 டாலர், மேல் திரியின் நீளம் 63 டாலர், கீழ்த் திரியின் நீளம் 10 டாலர். மேல் திரி உடலைவிட ஒன்றரை மடங்கு நீளமானது. அதாவது வாங்குபவர்கள் விலையை 63 டாலர் மேலே கொண்டுபோனார்கள். அதே நாளில் விற்பவர்கள் அந்த 63 டாலரையும் திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இன்னும் 42 டாலரும் இறக்கினார்கள். உடல் அன்றைய முடிவான தீர்ப்பைச் சொல்கிறது. திரி, முயன்று தோற்றுப்போனது எவ்வளவு என்பதைச் சொல்கிறது.

நிறத்தை மட்டும் பார்ப்பது எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதன் எதிர்முனையில் ஒரு நாள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 9-ம் திங்கட்கிழமைதான். முந்தைய வெள்ளியன்று அமெரிக்காவின் வேலைவாய்ப்பு விவரங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்ததால் தங்கம் ஏற்கெனவே சரிந்திருந்தது. திங்கட்கிழமை ஆசியாவில் சந்தை தொடங்கிய சிறிது நேரத்திலேயே, ஜப்பானும் சிங்கப்பூரும் விடுமுறையில் இருந்த வேளையில், விலை 1,763 அளவிலிருந்து சில நிமிடங்களில் 1,684-ஐ ஒட்டி விழுந்தது. நாள் முடிந்தபோது 1,730-க்கு அருகில் இருந்தது. கேண்டில் சிவப்புதான், உடல் 33 டாலர். ஆனால் கீழ்த் திரி 46 டாலர். நாளின் கணக்கில் தங்கம் நட்டம் கண்டது. ஆயினும் 1,680-களில் யாரோ பெரிய அளவில் வாங்கக் காத்திருந்தார்கள் என்பதை அந்தத் திரி காட்டிக்கொடுத்துவிட்டது.

திரி நீளமாக இருப்பதால் மட்டும் பொருள் வந்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் நீண்ட திரி வந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு செய்தியின் சலசலப்பாகவே இருக்கும். ஏற்கெனவே விலை திரும்பிய இடத்தில் வரும் திரிதான் பேசுகிறது. அந்த இடங்களைக் குறிப்பது அடுத்த படி.

படி 3: தடையையும் ஆதரவையும் குறித்தல்

விலை மேலே ஏறிவந்து திரும்பத் திரும்ப இறங்கிய பகுதி தடை. கீழே இறங்கிவந்து திரும்பத் திரும்ப எழுந்த பகுதி ஆதரவு. இவை உருவாவதில் மாயம் ஒன்றும் இல்லை. 2,070-இல் வாங்கி மாட்டிக்கொண்ட ஒருவர், அதே விலை திரும்பி வந்தால் போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்றுவிடக் காத்திருக்கிறார். 1,680-இல் வாங்காமல் விட்டவர், அது மறுபடி வந்தால் இம்முறை விடக்கூடாது என்று காத்திருக்கிறார். இப்படிப் பலருடைய நினைவு ஒரே பகுதியில் குவியும்போது அங்கே வாங்கும், விற்கும் ஆணைகள் சேர்ந்துவிடுகின்றன.

வார வரைபடத்தைத் திறந்து 2020-க்குப் பின் வந்த கேண்டில்களை ஒரே திரையில் சுருக்கிப் பாருங்கள். எண்களைப் பார்க்கும் முன், மேலே எங்கெங்கே கேண்டில்களின் தலைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முட்டுகின்றன என்று கண்ணால் மட்டும் தேடுங்கள். முதல் முட்டல் 2020 ஆகஸ்ட் 7. விலை ஏறத்தாழ 2,075 வரை சென்றது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இரண்டாவது 2022 மார்ச் 8, உக்ரைன் போர் தொடங்கிய இரண்டாவது வாரம். விலை 2,070 வரை ஏறி, மறுநாளே 2,000-க்குக் கீழே வந்து முடிந்தது. மூன்றாவது 2023 மே 4; மறுபடி 2,070-ஐ ஒட்டிய பகுதி, மறுபடி இறக்கம். மூன்று ஆண்டுகளில் மூன்று முட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணங்கள். திரும்பிய இடம் மட்டும் ஒன்று.

கீழே பார்த்தால், 2021 மார்ச் மாதத்தில் தொடக்கத்தில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையும் விலை 1,676-ஐ ஒட்டி வந்து எழுந்திருக்கிறது. அதற்குப் பின்தான் நாம் மேலே பார்த்த ஆகஸ்ட் 9-இன் நீண்ட திரி, 1,684-இல். பின்னர் 2022 ஜூலை 21 அன்று விலை 1,680-ஐத் தொட்டு எழுந்து 1,718 அளவில் முடிந்தது.

இனிக் குறிக்கும் முறை. ஒற்றைக் கோடு போடாதீர்கள். ஒரு பட்டையாகப் போடுங்கள். காரணம் எளியது. உடனடித் தங்கத்துக்கு ஒரே ஒரு மையச் சந்தை கிடையாது. வங்கிகளும் வணிகர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விலைகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் சேகரித்துத் தருகிறது. அமைதியான நேரத்தில் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பரபரப்பான நிமிடங்களில் திரியின் நுனிகள் வேறுபடும். டிசம்பர் 4-இன் உச்சம் சில வரைபடங்களில் 2,140-க்கு மேலே இருப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் திரையில் 2,145 என்றும் உங்கள் திரையில் 2,135 என்றும் இருந்தால் இரண்டில் எதுவும் பிழை அல்ல. அளவு வேறுபடும் நுனியின் மேல் ஒற்றைக் கோட்டை இழுத்துவிட்டு, அது ஒரு டாலரில் உடைந்தது என்று பதறுவதுதான் பிழை.

பட்டையின் அகலத்துக்கு நான் கையாளும் அளவுகோல் இது: கடைசி இருபது தினசரிக் கேண்டில்களின் உச்சத்திலிருந்து தாழ்வைக் கழித்து, அந்த இருபது எண்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே தங்கம் ஒரு சாதாரண நாளில் நடக்கும் தூரம். 2023-இன் பெரும்பகுதியில் அது 20 டாலரை ஒட்டி இருந்தது. பட்டை அந்தத் தூரத்தைவிட மிக அகலமாக இருந்தால் எல்லாமே பட்டைக்குள் விழுந்துவிடும். மிகக் குறுகலாக இருந்தால் ஒரு நாளின் சாதாரண அசைவே அதை உடைத்ததாகத் தோன்றும். நம் வரைபடத்தில் தடைப் பட்டையை 2,060 முதல் 2,080 வரையிலும், ஆதரவுப் பட்டையை 1,675 முதல் 1,690 வரையிலும் வைத்துக்கொள்ளலாம்.

அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் 1,800, 1,870, 1,960 என்று இன்னும் பல இடங்களில் விலை தயங்கியிருக்கிறது. அவற்றுக்கும் கோடு போட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நான் தொடக்க நாட்களில் ஒரே திரையில் பதினான்கு கோடுகள் வரைந்திருந்தேன். விலை எங்கே திரும்பினாலும் அங்கே ஒரு கோடு இருந்தது. ஆகவே என் கணிப்பு எப்போதும் பலித்தது, ஒருபோதும் பயன்படவில்லை.

படி 4: உடைந்ததா, உடைந்ததுபோல் தோன்றியதா

இந்த வழிகாட்டியின் கடினமான பகுதி இதுவே. பட்டையை விலை தாண்டுவதை உடைவு என்கிறோம். உண்மையான உடைவையும் போலி உடைவையும் அந்த நிமிடத்தில் உறுதியாகப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கேண்டில் முடிந்த பிறகு கேட்கக்கூடிய மூன்று கேள்விகள் உண்டு. உடல் பட்டைக்கு வெளியே முடிந்ததா, அல்லது திரி மட்டும் வெளியே சென்றதா? அது எந்த நேரத்தில் நடந்தது? அடுத்த கேண்டில் அதே திசையில் தொடர்ந்ததா?

டிசம்பர் 4-ஐ இந்தக் கேள்விகளின் முன் நிறுத்துவோம். அதற்கு முந்தைய வெள்ளி, டிசம்பர் 1 அன்று, தங்கம் 2,072 அளவில் முடிந்திருந்தது. அதுவரை இருந்த தினசரி முடிவுகளில் அதுவே உயர்ந்தது; ஆயினும் நம் பட்டைக்குள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை திரி மட்டும் பட்டைக்கு மேலே 55 டாலர் பாய்ந்தது. உடல் முழுவதும் பட்டையின் மேல்விளிம்புக்குக் கீழே முடிந்தது. நேரத்தைப் பார்த்தால், சந்தை திறந்தவுடனான ஆசிய அதிகாலை. லண்டனும் நியூயார்க்கும் உறக்கத்தில், ஆள் குறைந்த வேளை. அத்தகைய நேரத்தில் விலை பட்டையைத் தாண்டினால், இறக்கத்தை எதிர்பார்த்து விற்றிருந்தவர்கள், விலை தமக்கு எதிராகப் போனால் வெளியேறுவதற்காக அங்கே வைத்திருந்த நட்டத்தடுப்பு ஆணைகள் தாமாகவே வாங்கும் ஆணைகளாக மாறும். எதிரே விற்பவர் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு ஆணையும் விலையை இன்னும் மேலே தள்ளி அடுத்த ஆணையைத் தூண்டும். புதிதாக வாங்க விரும்பியவர்களைக் காட்டிலும், வெளியேற வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள் ஏற்றிய ஏற்றம் அது. அவர்கள் தீர்ந்ததும் ஏற்றமும் தீர்ந்தது. 2021 ஆகஸ்ட் 9-இல் இதே நிகழ்வு தலைகீழாக நடந்ததையும், அதுவும் ஒரு திங்கட்கிழமை அதிகாலையே என்பதையும் கவனியுங்கள்.

டிசம்பர் இறுதியில் இன்னொரு முயற்சி நடந்தது. 28-ம் தேதி விலை 2,088 வரை சென்று, பட்டைக்குள்ளேயே திரும்பி முடிந்தது. பின்னர் 2024 பிப்ரவரி நடுவில் 2,000-க்குக் கீழே இறங்கியது.

இனி மார்ச் 1, 2024. அன்று விலை ஏறத்தாழ 2,044-இல் தொடங்கி 2,083 அளவில் முடிந்தது. நீண்ட பச்சை உடல். மேலே சில டாலர் மட்டுமே திரி. ஏற்றம் நடந்தது அமெரிக்கப் பொருளாதார விவரங்கள் வெளிவந்த பிறகு, நியூயார்க் சந்தை முழுமையாக இயங்கிய நேரத்தில். அன்று வெள்ளிக்கிழமை ஆதலால், வாரக் கேண்டிலும் முதன்முறையாகப் பட்டைக்கு மேலே முடிந்தது. மேல்விளிம்பைத் தாண்டியது மூன்று டாலர் மட்டுமே என்பதால், அன்றிரவு நானாக இருந்தால் உறுதியாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவது கேள்விக்கான விடை திங்கட்கிழமை வந்தது: மார்ச் 4 அன்று 2,110-க்கு மேலே முடிவு. அந்த வாரம் முடிவதற்குள் 2,190-ஐயும் தாண்டியது. டிசம்பர் 4 தொட்ட உச்சம் மார்ச் 1-இன் முடிவைவிட ஐம்பது டாலருக்கு மேல் உயர்ந்தது. ஆனால் உடைத்தது மார்ச் 1.

உடைந்த தடை பின்னர் ஆதரவாக மாறும், ஆகவே விலை திரும்பிவந்து அதைத் தொடும்போது வாங்கலாம் என்று பாடங்களில் சொல்வார்கள். அது நடப்பதுண்டு. 2016 முதல் 2019 வரை தங்கத்தைத் தடுத்து நிறுத்திய 1,350 முதல் 1,375 வரையிலான பட்டை 2019 ஜூனில் உடைந்தது; ஜூலைத் தொடக்கத்தில் விலை 1,380-களுக்கு இறங்கிவந்து அங்கிருந்து எழுந்தது; செப்டம்பரில் 1,550-ஐத் தாண்டியது. ஆனால் 2024 மார்ச்சில் அப்படித் திரும்பி வரவே இல்லை. 2,080-க்காகக் காத்திருந்தவர்கள் ஏப்ரலில் 2,400-ஐப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஆதரவு உடைந்த கதை இன்னும் சங்கடமானது. அதனாலேயே அதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று தங்கம் 1,665 அளவில், பட்டைக்குக் கீழே முடிந்தது. மூன்று கேள்விகளுக்கும் விடை ‘உண்மை’ என்றே வந்தது: உடல் வெளியே, சந்தை நேரம் சரி, அடுத்த வாரமும் கீழேயே முடிந்தது. ஆனால் அங்கிருந்து விலை ஐம்பது டாலர் மட்டுமே இறங்கியது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் 21-ஐ ஒட்டியும் நவம்பர் 3 அன்றும் 1,615-ஐ ஒட்டி மூன்று முறை தாங்கி நின்றது. இடையில் அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை 1,720-ஐயும் தாண்டி ஏறி, விற்றிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு மறுபடி இறங்கியது. நவம்பர் 4 அன்று ஒரே நாளில் மூன்று சதவீதம் எழுந்து பழைய பட்டைக்குள் நுழைந்தது. அடுத்த வாரம் அதற்கு மிக மேலே சென்றுவிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறிய உடைவும் எட்டு வாரத்தில் பொய்த்துப்போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரைபடத்தில் இல்லை.

படி 5: தவறினால் எங்கே வெளியேறுவது

இதனால்தான் ஒரு நிலையின் உண்மையான பயன், விலை எங்கே போகும் என்று சொல்வதைவிட, நம் கணிப்பு தவறு என்பதை எந்த இடத்தில் ஒப்புக்கொள்வது என்று சொல்வதில் இருக்கிறது. 2022 ஜூலை 21-ஐ வைத்து இதைச் செய்து பார்ப்போம்.

அன்று விலை ஆதரவுப் பட்டைக்குள் இறங்கி 1,680-ஐத் தொட்டு, 1,718 அளவில் பச்சையாக முடிந்தது. உடலின் தொடக்கமே பட்டைக்கு மேலே இருந்தது. பட்டைக்குள் சென்றது திரி மட்டும். ஒருவர் மறுநாள் காலை 1,718-இல் வாங்குவதாகக் கொள்வோம். கணிப்பு தவறு என்பது பட்டைக்குக் கீழே விலை சென்றால்தான் தெரியும். ஆகவே நட்டத்தடுப்பை 1,675-இலேயே வைக்காமல், ஒரு திரி நுழைந்து திரும்ப இடம் விட்டு 1,665-இல் வைக்கிறார். இழக்கக்கூடியது அவுன்சுக்கு 53 டாலர். மேலே அடுத்த இயல்பான தயக்கம் 1,800-ஐ ஒட்டிய பகுதி. கிடைக்கக்கூடியது 82 டாலர். ஒன்றுக்கு ஒன்றரை. ஆகஸ்ட் 10 அன்று விலை 1,800-ஐத் தாண்டியது, கணக்கு பலித்தது.

பலிக்காத நாளிலும் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். அதே நபர் ஜூலை இறுதியில், விலை 1,750-ஐ அடைந்த பிறகு, ஏற்றம் உறுதியாகிவிட்டது என்று வாங்கியிருந்தால், அதே நட்டத்தடுப்புக்கு இழக்கக்கூடியது 85 டாலர்; கிடைக்கக்கூடியது 50 டாலர். வரைபடம் ஒன்றே, கணிப்பும் ஒன்றே. நிலையிலிருந்து எவ்வளவு தொலைவில் வாங்குகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. அமெரிக்க வேலைவாய்ப்பு விவரங்கள் வெளியாகும் மாலை வேளையிலும், அந்நாட்டு மத்திய வங்கியின் வட்டி முடிவு வரும் நள்ளிரவை ஒட்டிய நேரத்திலும், நட்டத்தடுப்பு வைத்த விலையிலேயே நிறைவேறாமல் சில டாலர் தள்ளிப்போகலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இருப்பவருக்கு ஒரு குறிப்பு. `XAUUSD` வரைபடத்தைப் படிப்பதில் தடை ஏதும் இல்லை. ஆனால் அதையே வாங்கி விற்கலாம் என்று அழைக்கும், அனுமதி பெறாத வெளிநாட்டு இணையதளங்கள் பல உண்டு. அந்நியச் செலாவணி வணிகத்துக்கு அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. பணம் போடும் முன் அதைப் பார்ப்பது நல்லது. இங்கே தங்கத்தின் விலையில் பங்கேற்க பண்டச் சந்தையான எம்.சி.எக்ஸ்-இன் ஒப்பந்தங்களும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தங்க நிதிகளான ஈ.டி.எஃப்-களும் இருக்கின்றன.

ரூபாய் வரைபடத்தில் ஒரு கண்ணி

எம்.சி.எக்ஸ் வரைபடத்தில் விலை 10 கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று இருக்கும். அதிலும் பட்டைகளைக் குறிக்கலாம். ஆனால் இரண்டு வேறுபாடுகளை மறக்கக்கூடாது. அந்தச் சந்தை காலை 9 மணிக்குத் திறந்து நள்ளிரவுக்கு முன் மூடிவிடுகிறது. ஆகவே உலகச் சந்தை பின்னிரவில் நடந்தது அங்கே மறுநாள் காலை ஒரு இடைவெளியாக மட்டுமே தெரியும். டிசம்பர் 4-இன் அதிகாலைத் திரி நடந்து முடிந்த பிறகுதான் எம்.சி.எக்ஸ் கதவே திறந்தது.

இரண்டாவது, தங்கத்தின் உலக விலையோடு தொடர்பில்லாத காரணங்களாலும் ரூபாய் விலை நகரும். 2024 ஜூலை 23 அன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சென்னையில் சவரன் விலை ஒரே நாளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. ரூபாய் வரைபடத்தில் ஒரு பெரிய சிவப்பு உடல் பல ஆதரவுகளை ஒரே வெட்டில் கடந்துசென்றது. அன்று உலகச் சந்தையில் தங்கம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. விற்பவர்கள் யாரும் வெல்லாமலேயே உருவான கேண்டில் அது. இத்தகைய நாளில் `XAUUSD` வரைபடத்தையும் அருகில் வைத்துப் பார்த்தால் குழப்பம் நேராது. வரி மாற்றத்துக்கு முந்தைய ரூபாய் நிலைகளை அழித்துவிட்டுப் புதிதாகக் குறிப்பதே சரி.

படி 6: வலப்பக்கத்தை மறைத்துப் பழகுதல்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: விடை தெரிந்த பிறகு வரைபடத்தைப் படித்தோம். விடை தெரியாமல் படிக்கப் பழகுவதற்கு, கடந்த தேதி ஒன்றைத் தேர்ந்து கேண்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டும் வசதி சில வரைபடத் தளங்களில் உண்டு. அது இல்லையென்றால் திரையின் வலப்பாதியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டாலும் போதும்.

2024 மார்ச்சுக்குப் பின் மேலே பழைய தடை எதுவும் மிச்சமில்லாத வெற்றிடம் இருந்தது. ஆகவே பயிற்சியை அங்கே தொடங்குங்கள். ஏப்ரல் 12-இலும் மே 20-இலும் தலைகள் எங்கே முட்டின என்று பார்த்துப் பட்டையைப் போடுங்கள். இருபது நாள் சராசரியை எடுத்து அதன் அகலத்தைச் சரிபாருங்கள். 2023-இல் இருந்ததைவிட அது கூடியிருப்பதைக் காண்பீர்கள். பிறகு ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்தி, விலை பட்டையைத் தொடும் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பேட்டில் மூன்று கேள்விகளுக்கான விடையையும் தவறினால் வெளியேறும் விலையையும் எழுதிவிட்டு, அதன் பின்னரே அடுத்த கேண்டிலைத் திறங்கள். ஜூலை 17-ஐ ஒட்டிய நாட்களுக்கு வரும்போது சற்று நின்று, நீங்கள் எழுதியது டிசம்பர் 4-ஐப் போல இருக்கிறதா, மார்ச் 1-ஐப் போல இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.